செண்டை மேளம் கைபேசிக்குள் எங்கே உடைகிறது?

திருச்சூர்ப் பூரத்தன்று பிற்பகலில், வடக்குந்நாதன் கோவில் மதிலுக்குள் பாறமேக்காவு அணியினர் இலஞ்சித்தறை மேளம் கொட்டுகிறார்கள். பாண்டி மேளம் பொதுவாகக் கோவில் மதிலுக்கு வெளியே கொட்டப்படுவது. இலஞ்சித்தறை அதற்கு ஒரு விலக்கு. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நீளும் அந்த மேளத்தை உயர்த்திப் பிடித்த எண்ணற்ற கைபேசிகள் பதிவுசெய்கின்றன. அப்படிப்பட்ட பதிவுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு ஒரு பொதுத்தன்மை புலப்படும். முதல் அரைமணி நேரம் கேட்கத் தக்கதாக இருக்கிறது. காலம் விரைய விரைய ஒலி கரகரக்கத் தொடங்குகிறது. மேளம் தன் உச்சத்தை அடையும் இறுதிப் பகுதியில், அடி எது, தாளம் எது, கொம்பு எது என்று பிரித்தறிய முடியாத ஒரே இரைச்சல்தான் மிஞ்சுகிறது. எதற்காக அத்தனை பேர் அங்கே கூடினார்களோ, அந்தப் பகுதியே பதிவில் இல்லாமல் போகிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு ஒன்றே: "கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள்." இந்த அறிவுரை பாதி உண்மை, அதனாலேயே தீங்கானது என்பது என் கருத்து. கைபேசிக்குள் ஒலி உடையக்கூடிய இடம் ஒன்றல்ல. கெயின் பொத்தான் அவற்றுள் ஒன்றை மட்டுமே சரிசெய்யும். உடைவது எங்கே என்று தெரியாமல் கெயினைக் குறைத்தால், உடைந்த ஒலியையே சற்றுத் தாழ்ந்த குரலில் பதிவுசெய்தவர்களாவோம்.

ஆய்வு மாணவர்களை முன்னிட்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாட்டார் வழக்காற்றியல், மொழியியல், இசையியல் துறைகளில் இன்று களப்பதிவு என்பது பெரும்பாலும் கைபேசிப் பதிவுதான். செண்டைக் கலைஞர்கள் அடிகளைக் கற்பதும் கற்பிப்பதும் வாய்த்தாரி என்னும் சொற்கட்டுகளின் வழியாக. ஒரு குறிப்பிட்ட அடிக்கும் அதற்குரிய அசைக்கும் உள்ள உறவை ஆராய விரும்பும் மாணவருக்கு, ஒவ்வோர் அடியின் தொடக்கத்தில் உள்ள சில மில்லி நொடிகளே முதன்மையான தரவு. வல்லின மெய்களை அவற்றின் வெடிப்பைக் கொண்டு வேறுபடுத்துவது போன்றதே இதுவும். பதிவில் முதலில் அழிவது அந்தத் தொடக்கம்தான். ஏனெனில் அடியின் மிக உயர்ந்த உச்சி அங்கேதான் இருக்கிறது.

உடைதல் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கியோ அதற்குப் பின்னால் உள்ள மின்சுற்றோ ஓர் எல்லைக்குமேல் ஏற முடியாதபோது, அலையின் உச்சி அந்த எல்லையில் தட்டையாக வெட்டப்படுகிறது. இதையே கிளிப்பிங் என்கிறோம். வெட்டுப்பட்ட உச்சியின் தகவல் போய்விடுகிறது என்பதோடு சேதம் நிற்பதில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்களும் முளைக்கின்றன. ஓர் எளிய சைன் அலையை மேலும் கீழும் சமமாக வெட்டினால், அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள் தோன்றும். மேளத்தில் ஒரே சமயத்தில் பல ஒலிகள் கலந்திருப்பதால், அவற்றின் கூட்டல் கழித்தல்களிலிருந்தும் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. இவ்வாறு பிறந்தவற்றில் பெரும்பகுதி, இலைத்தாளத்தின் உலோக ஒலி இயல்பாக வாழும் உயர் அதிர்வெண் பகுதியிலேயே போய் விழுகிறது. அலைக்கற்றைப் படத்தை மட்டும் பார்க்கும் ஆய்வாளர், செண்டையின் சிதைவை இலைத்தாளத்தின் எழுச்சி என்று படித்துவிட முடியும். காது கூசுவதைவிட இந்தத் தவறான முடிவே எனக்குக் கவலை தருகிறது.

இனி, உடையும் இடங்கள். கைபேசியில் ஒலி மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலாவது, ஒலிவாங்கி. இன்றைய கைபேசிகளில் இருப்பது மெம்ஸ் வகை ஒலிவாங்கி. அரிசி மணியளவே உள்ள சிலிக்கான் சில்லு. இரண்டாவது, கைபேசியின் மென்பொருள் அந்த ஒலியை ஏற்றியும் இறக்கியும் சீர்படுத்தும் கட்டம். கெயின், தானியங்கிக் கெயின், இரைச்சல் நீக்கம் எல்லாம் இங்கே நடக்கின்றன. மூன்றாவது, கோப்பாக எழுதுதலும் அதைப் பிறருக்கு அனுப்புதலும். செயலியில் நாம் காணும் கெயின் பொத்தான் பல கைபேசிகளில் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது. முதல் கட்டத்தில் வெட்டுப்பட்டு வரும் அலையை அது அளவில் சுருக்குமேயன்றி, வெட்டுப்பட்ட உச்சியைத் திரும்ப வளரச் செய்யாது.

ஒலிவாங்கியின் எல்லையைப் புரிந்துகொள்ள, இரண்டு வகை டெசிபல்களை வேறுபடுத்திக் கொள்ள வேண்டும். காற்றில் உள்ள ஒலியழுத்தத்தைக் குறிக்கும் டெசிபல் ஒன்று. உரையாடல் ஏறக்குறைய 60, செவிடுபடுத்தும் மேளம் 100 என்று நாம் சொல்வது இதனை. கோப்புக்குள் உள்ள அளவைக் குறிக்கும் டெசிபல் மற்றொன்று. இதில் 0 என்பதே கூரை, மற்ற எல்லாம் அதற்குக் கீழே எதிர்ம எண்களாக இருக்கும். இவ்விரண்டையும் இணைப்பது ஒலிவாங்கியின் உணர்திறன். டிஜிட்டல் மெம்ஸ் ஒலிவாங்கிகளில் பரவலாகக் காணப்படும் ஒரு மதிப்பு, காற்றில் 94 டெசிபல் இருக்கும்போது கோப்பில் −26 டெசிபல் என்பதாகும். அப்படியானால் கூரையைத் தொட இன்னும் 26 டெசிபல் மட்டுமே உண்டு. அதாவது காற்றில் 120 டெசிபல் ஆனதும் அந்த ஒலிவாங்கி முடிந்தது. அதற்குமேல் எந்தப் பொத்தானும் உதவாது. 130 டெசிபலையும் அதற்கு மேலும் தாங்கும் ஒலிவாங்கிகள் உண்டு. ஆயினும் உங்கள் கைபேசியில் இருப்பது எது என்பதை விளம்பர அட்டை சொல்லாது. சோதித்துத்தான் அறிய வேண்டும்.

120 என்பது மிகப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். "மேளம் 100 டெசிபல்தானே, 20 டெசிபல் மிச்சம் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஒலியளவு மானி காட்டுவது சராசரி. தோல் கருவியின் ஒவ்வோர் அடியும் ஒரு கணம் அந்தச் சராசரியைத் தாண்டி எழுந்து விழுகிறது. அந்த எழுச்சி 15 முதல் 20 டெசிபல் வரை இருப்பது இயல்பு. சராசரி 100 என்றால் உச்சிகள் 115-க்கும் 120-க்கும் இடையே இருக்கும். ஒலிவாங்கியின் கூரைக்குச் சராசரி ஒரு பொருட்டல்ல. உச்சிதான் அதில் முட்டுகிறது. மேலும், ஒலியளவு காட்டும் செயலியும் அதே கைபேசியின் அதே ஒலிவாங்கியைத்தான் நம்பியிருக்கிறது. ஒலிவாங்கி முட்டி நின்ற பிறகு, அந்தச் செயலி காட்டும் எண்ணும் முட்டி நின்ற எண்ணே.

ஆகவே விழாவுக்குச் செல்லும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் கைபேசி எந்தக் கட்டத்தில் உடைகிறது என்று கண்டறிவது. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. கெயினைக் கையால் மாற்ற இடந்தரும் ஒரு பதிவுச் செயலியும், ஓர் எவர்சில்வர் தட்டும், ஒரு கரண்டியும் போதும். காதுகளை அடைத்துக்கொண்டு, கைபேசிக்கு ஒரு சாண் தொலைவில் தட்டைப் பத்து முறை ஓங்கித் தட்டுங்கள். முதல் பதிவில் கெயின் 0 ஆக இருக்கட்டும். இரண்டாவது பதிவில் அதை −12 ஆக்குங்கள். இரண்டையும் கணினியில் Audacity போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, உச்சிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதல் பதிவில் உச்சிகள் 0 என்னும் கூரையில் தட்டையாக நிற்பதாகக் கொள்வோம். இரண்டாவது பதிவில் அவை −3, −5, −8 என்று ஒன்றுக்கொன்று வேறுபட்டு, கூர்மையாக முடிகின்றன என்றால் நற்செய்தி: உடைந்தது கெயின் கட்டத்தில்தான், ஒலிவாங்கி தாங்குகிறது. மாறாக, எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் எல்லா உச்சிகளும் ஒரே உயரத்தில், சரியாக −12-இல், தட்டையாக வெட்டுப்பட்டு நிற்கின்றன என்றால், அலை கெயின் பொத்தானை வந்தடையும் முன்பே வெட்டுப்பட்டுவிட்டது. இந்த இரண்டாவது நிலைதான் ஏமாற்றக்கூடியது. பதிவின்போது மானி பச்சை நிறத்திலேயே இருக்கும். எச்சரிக்கைச் சிவப்பு ஒருமுறையும் ஒளிராது. கோப்போ முழுதும் சிதைந்திருக்கும். கூரை 0-இல் மட்டுமே இருக்கும் என்று நம்புகிறவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். எந்த உயரத்திலாயினும், பல உச்சிகள் ஒரே கோட்டில் நிற்பதே வெட்டுப்பட்டதன் அடையாளம்.

இதே சோதனை தானியங்கிக் கெயினையும் காட்டிக்கொடுக்கும். ஓங்கிய தட்டலுக்குப் பின் அறையின் அமைதி மெல்ல மெல்ல இரைச்சலாக எழுகிறதென்றால், கைபேசி தானாகவே அளவை ஏற்றி இறக்குகிறது என்று பொருள். உரையாடலுக்கும் தொலைபேசி அழைப்புக்கும் அது நன்மை. மேளத்துக்கு அது கேடு. தாழ்ந்த தொடக்கத்தை உயர்த்தி, உயர்ந்த முடிவைத் தாழ்த்தி, இரண்டரை மணி நேரத்தில் கலைஞர்கள் கட்டியெழுப்பிய ஏற்றத்தைச் சமதளமாக்கிவிடுகிறது. அந்தக் கோப்பிலிருந்து ஒலியளவின் வளர்ச்சியைப் பற்றி எந்தக் கூற்றும் செய்ய இயலாது. ஆண்ட்ராய்டில் சில செயலிகள் இந்தச் சீர்படுத்தலைத் தவிர்க்க வழி தருகின்றன. எடுத்துக்காட்டாக, Open Camera செயலியின் காணொளி அமைப்புகளில் `Audio source` என்ற தெரிவு உண்டு. அதில் `Unprocessed` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆயினும் எல்லாக் கைபேசிகளும் இதற்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. தெரிவு செய்தபின் தட்டுச் சோதனையை மீண்டும் செய்து பார்ப்பதே உறுதி.

சோதனையின் முடிவு ஒலிவாங்கியைக் குற்றவாளியாகக் காட்டினால், எஞ்சியிருப்பவை இயற்பியல் வழிகளே: தள்ளி நிற்றல், அல்லது கூடுதல் அழுத்தம் தாங்கும் வெளி ஒலிவாங்கியை இணைத்தல். ஒலிவாங்கித் துளையின்மேல் மருத்துவ ஒட்டுநாடாவை ஒட்டுவது என்னும் வழக்கமும் உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை. நாடா உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் அளவுக்குத் தாழ் அதிர்வெண்களைத் தடுப்பதில்லை. செண்டையின் தாழ்ந்த முழக்கம் முன்போலவே கூரையில் முட்ட, இலைத்தாளம் மட்டும் போர்வைக்குள் மூடியதுபோல் மங்கிவிடும்.

தள்ளி நிற்றலிலும் ஒரு நுட்பம் உள்ளது. தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்று பாடநூலில் படிக்கிறோம். அது தனி ஒரு கருவிக்குப் பொருந்தும் விதி. மேளத்தில் கலைஞர்கள் நீண்ட வரிசைகளாக நிற்கிறார்கள்: உருட்டுச் செண்டைகள் முன்வரிசையில், அவற்றின் பின்னே வீக்கன் செண்டைகளும் இலைத்தாளங்களும், எதிரே குழலும் கொம்பும். இத்தகைய நீண்ட வரிசைக்கு அருகில் நிற்கும்வரை, தொலைவு இருமடங்கானாலும் ஒலி ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறைகிறது. நாம் பின்வாங்கும்போது ஒரு கலைஞர் தொலைவாகிறார். ஆனால் வரிசையில் உள்ள மற்றவர்களும் ஏறத்தாழச் சம தொலைவுக்கு வந்து அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்துவிடுகிறார்கள். வரிசையின் நீளத்தைத் தாண்டித் தொலைவுக்குச் சென்ற பிறகே 6 டெசிபல் விதி மெல்ல மெல்ல உண்மையாகிறது. நான்கடி பின்னே நகர்ந்தால் போதும் என்ற நம்பிக்கை பொய்த்துப்போவது இதனால்தான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் ஒரு நடுத்தர நிலைமைக்கான எடுகோள்களே. ஒலிவாங்கியின் கூரை 120 டெசிபல். வரிசையின் பின்னால் 4 மீட்டரில், மேளத்தின் தொடக்கத்தில், சராசரி 100. அடிகளின் எழுச்சி 18. ஆகவே உச்சி 118. இன்னும் 2 டெசிபல் மீதம் இருப்பதால், தொடக்கத்தில் சோதித்துப் பார்ப்பவர் மனநிறைவோடு அங்கேயே நின்றுவிடுவார். ஆனால் பாண்டி மேளத்தின் அமைப்பே அடுத்தடுத்த காலங்களில் விரைந்து ஏறுவது. இறுதிக்குள் ஒலி இன்னும் 6 டெசிபல் கூடும் என்று கொண்டால், உச்சி 124. கூரையைவிட 4 டெசிபல் அதிகம். கடைசிக் கட்டம் முழுவதும் வெட்டுப்படும்.

இப்போது அவர் 16 மீட்டருக்குப் பின்வாங்குகிறார் என்போம். 4-இலிருந்து 8, 8-இலிருந்து 16: இரண்டு இருமடங்குகள். வரிசை நீளமாக இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் 3 டெசிபல், மொத்தம் 6. இறுதிக்கட்ட உச்சி 118-க்கு இறங்கிவிடுகிறது. 2 டெசிபல் பாதுகாப்பு. இது குறுகலான பாதுகாப்பு. ஆயினும் பதிவு பிழைக்கும். 130 டெசிபல் தாங்கும் வெளி ஒலிவாங்கி கையில் இருந்தால், 8 மீட்டரிலேயே நின்று, உச்சி 121 ஆக, 9 டெசிபல் இடைவெளியோடு பதிவுசெய்யலாம். இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது தேவையைப் பொறுத்தது. தொலைவு கூடக் கூட, நம்மைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் ஆரவாரம் மேளத்தோடு போட்டியிடத் தொடங்கும். கைபேசிக்கு அருகில் ஒருவர் எழுப்பும் கூவல் ஒன்றே கூரையில் முட்டக்கூடும். கைபேசியைக் குச்சியில் பொருத்தித் தலைகளுக்கு மேலே உயர்த்துவது இதற்குப் பெருமளவு உதவும். காற்று வீசும் இடமானால் ஒலிவாங்கிக்கு ஒரு நுரை உறை இடுவதும் இன்றியமையாதது; காற்றின் மோதலும் ஒலிவாங்கிக்கு அழுத்தமே, அதுவும் தட்டையான உச்சிகளைத் தரும்.

இந்தக் கணக்கின் எஞ்சிய பாதியே என் வாதத்தின் மையம். 16 மீட்டரில், மேளத்தின் தொடக்கத்தில், சராசரி 94 டெசிபல். முன்சொன்ன ஒலிவாங்கியில் அது கோப்பில் −26. கைபேசித் திரையில் அலை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். பார்ப்பவருக்கு, "பதிவு மிகவும் தாழ்ந்திருக்கிறதே, கெயினைக் கூட்டுவோம்" என்று கை பரபரக்கும். கூட்டக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குப் பின் வரப்போகும் உச்சிக்காக விடப்பட்டிருக்கும் இடம் அது. அளவைத் தொடக்கத்துக்கு ஏற்ப அல்ல, முடிவுக்கு ஏற்ப வைக்க வேண்டும். வைத்தபின் இடையில் தொடக்கூடாது.

தாழ்ந்த பதிவில் தரம் குறைந்துவிடுமே என்ற அச்சம் நாடா யுகத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது. அன்று நாடாவின் சீறல் உண்மையான எதிரி; அளவைக் கூரைவரை ஏற்றுவதே அறிவுடைமை. இன்றைய கணக்கு வேறு. ஒரு சராசரி மெம்ஸ் ஒலிவாங்கியின் சொந்த இரைச்சல், காற்றில் ஏறக்குறைய 29 டெசிபலுக்கு ஈடானது. 16 பிட் கோப்பின் அடித்தளம் கூரையிலிருந்து 96 டெசிபல் கீழே, அதாவது நம் எடுத்துக்காட்டில் காற்றின் 24 டெசிபலுக்கு நேராக இருக்கிறது. ஒலிவாங்கியின் இரைச்சலைவிடக் கோப்பின் அடித்தளம் தாழ்வாகவே உள்ளது. விழாக்களத்தில் கூட்டத்தின் முணுமுணுப்பே இவ்விரண்டையும் பன்மடங்கு மூழ்கடித்துவிடும். ஆகவே தாழ்ந்த பதிவைப் பின்னர் உயர்த்தும்போது நாம் இழப்பது ஒன்றுமில்லை. வெட்டுப்பட்ட பதிவைப் பின்னர் தாழ்த்தும்போது நாம் பெறுவதும் ஒன்றுமில்லை. இந்தச் சமனின்மையை உணர்ந்தவர் தயக்கமின்றித் தாழ்ந்த பக்கமே சாய்வார்.

களத்தில் காதை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பான நேரம் என்று அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரையிலிருந்து கணக்கிடலாம். 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். இரண்டரை மணி நேரம் அருகில் நிற்பவர் காதடைப்பான் அணிவது கட்டாயம். அணிந்த பின், காதொலிப்பானில் வரும் நுண்ணிய கரகரப்பை, எதிரே முழங்கும் மேளத்தையும் மீறிக் கேட்டறிவது இயலாது. எனவே முதல் பத்து நிமிடம் பதிவுசெய்து நிறுத்தி, அமைதியான இடத்துக்கு வந்து உச்சிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு, மீண்டும் தொடங்குவதே உகந்த முறை. அப்போது உச்சிகள் கூரைக்குக் கீழே 8 முதல் 10 டெசிபல் வரை இடைவெளி விட்டிருந்தால் இறுதிவரை தாங்கும் என்று நம்பலாம்.

வீடு திரும்பியபின் பதிவைச் சோதிக்க ஒரு கட்டளை போதும்:

```
ffmpeg -i melam.wav -af astats -f null -
```

இது தரும் நீண்ட அறிக்கையில் மூன்று வரிகளைப் பாருங்கள். `Peak level dB` என்பது மிக உயர்ந்த உச்சி. `Peak count` என்பது அந்த உயரம் எத்தனை முறை தொடப்பட்டது. `Flat factor` என்பது உச்சியில் அடுத்தடுத்து ஒரே மதிப்பு நீடிக்கும் தட்டைத்தன்மை. நல்ல பதிவில் உச்சி ஓரிரு முறைதான் தொடப்படும்; தட்டைத்தன்மை 0 ஆக இருக்கும். உச்சி பல்லாயிரம் முறை தொடப்பட்டிருந்தால், அந்த உச்சி −6 ஆயினும் −12 ஆயினும், பதிவு வெட்டுப்பட்டதே. ஓர் எச்சரிக்கை: மூலக் கோப்பையே சோதியுங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பப்பட்ட நகலில், மறுசுருக்கத்தின் விளைவாகத் தட்டை உச்சிகள் சற்று நெளிந்துவிடும். கட்டளை ஏமாந்துபோகும், சிதைவோ அப்படியே இருக்கும். அனுப்பியே ஆக வேண்டுமெனில், WAV கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

மொழியியல் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. Praat மென்பொருளில் `Scale peak...` கட்டளையை இயக்கி உச்சியை 0.99 ஆக்குவது நம்மிடையே ஒரு கைப்பழக்கம். வெட்டுப்பட்ட கோப்புக்கு அது ஒப்பனை மட்டுமே. தட்டை உச்சிகள் கூரையிலிருந்து மயிரிழை கீழே இறங்கும். அடுத்து வரும் ஆய்வாளர் கூரையில் எதுவும் முட்டவில்லை என்று நினைத்துக் கோப்பை நம்பிவிடுவார். Audacity-யின் `Clip Fix` வெட்டுப்பட்ட இடத்தை இருபுறத்து வளைவுகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. எப்போதோ ஒருமுறை நேர்ந்த வெட்டுக்கு அது உதவும். அரைமணி நேரம் ஒவ்வோர் அடியிலும் வெட்டுப்பட்ட மேளத்துக்கு அது எழுதித் தருவது தரவன்று, கற்பனை. அந்தக் கற்பனையிலிருந்து அடியின் தொடக்கத்தை அளந்து ஆய்வேட்டில் எழுதுவது முறையாகாது.

"இவ்வளவு பாடுபடுவதைவிட நல்ல பதிவுக்கருவி ஒன்றை வாங்கிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். இயன்றவர் வாங்கட்டும். ஆனால் 32 பிட் மிதவைப் புள்ளிக் கருவிகள் எதையும் உடையவிடா என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க வேண்டாம். அவை பதிவுக் கட்டத்தின் கூரையை உயர்த்துகின்றன. ஒலிவாங்கியின் கூரையை அல்ல. ஒலிவாங்கி முட்டிய பின், 32 பிட்டில் பதிவானாலும் அது வெட்டுப்பட்ட அலையே. கருவி மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: உடைவது எங்கே?

தானியங்கிக் கெயின் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறதே என்னும் மறுப்பிலும் ஓரளவு நியாயம் உண்டு. பேருந்தில் சிறு ஒலிபெருக்கியில் கேட்பவருக்குத் தாழ்ந்த தொடக்கம் காதில் விழாது. அவருக்காக ஒரு நகலை எடுத்து, அதில் அளவைச் சமப்படுத்திப் பகிரலாம். மூலம் தீண்டப்படாமல் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மூலத்திலிருந்து இனிமையான நகலை என்றும் செய்துகொள்ளலாம். நகலிலிருந்து மூலத்தை மீட்க முடியாது.

ஆகவே துறைகளிடமும் ஆவணக் காப்பகங்களிடமும் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. களப்பதிவை ஏற்கும்போது, பதிவானது எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தச் செயலியில், எந்தக் கெயினில், தானியங்கிச் சீர்படுத்தல் நீக்கப்பட்டதா என்ற நான்கு விவரங்களைக் கேட்டுப் பெறுங்கள். "ஒலி தாழ்வாக உள்ளது" என்ற காரணத்துக்காக ஒரு மாணவரின் கோப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள். உச்சிகள் ஒரே கோட்டில் நிற்கும் கோப்பை மட்டும் திருப்பி அனுப்புங்கள். மாணவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த பூரத்துக்கோ, தேரோட்டத்துக்கோ, கல்லூரிக் கலைவிழாவுக்கோ புறப்படும் முன், ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து இரண்டு நிமிடம் செலவிடுங்கள். உங்கள் கைபேசியின் கூரை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், களத்தில் எங்கே நிற்பது என்பது தானாகவே தெளிவாகும்.